டாலர் வரவுக்கு ஃபார்வர்டு போடுவது எப்படி? புதிய ஏற்றுமதியாளருக்கு ஒரு நடைமுறைக் கையேடு

திருப்பூரில் சிறு யூனிட் வைத்து நேரடியாக ஏற்றுமதி செய்யத் தொடங்குபவர்கள் பையரைப் பிடிப்பது, சாம்பிள், ஷிப்மென்ட் எல்லாவற்றையும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். டாலர் ரேட் விஷயம் மட்டும் "ஏறும் சார், எப்பவும் ஏறும்தான்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. வங்கிக் கிளையில் கேட்டால் ஒரு ஃபாரம் தருவார்கள். அந்த ஃபாரத்தில் எதை நிரப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கிளைக்கும், வங்கியில் டாலர் வியாபாரத்தைக் கவனிக்கும் டிரஷரிக்கும் நடுவில் அலைந்து, துண்டு துண்டாகச் சேர்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஃபார்வர்டு என்பது இவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்றே ஒரு ரேட்டுக்கு வங்கிக்கு விற்றுவிடுகிறீர்கள். அன்றைக்குச் சந்தை எங்கே இருந்தாலும் அந்த ரேட்தான் உங்களுக்கு. ரேட் இறங்கினால் வங்கி குறைத்துத் தராது, ஏறினால் அதிகமாகவும் தராது. டாலரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசிப் பாதியைத்தான்.

1. உண்மையில் எத்தனை டாலருக்கு ஆபத்து என்று முதலில் எண்ணுங்கள்

பையர் தரும் பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில் உள்ள தொகையை அப்படியே எடுத்து ஃபார்வர்டு போடுவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் காரியம். அந்தத் தொகையில் ஒரு பகுதி ஏற்கெனவே விற்றுப்போயிருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இதே ஆர்டரோடுதான் போகப்போகிறோம். பனியன் ஆர்டர், பி.ஓ. மதிப்பு 1,40,000 டாலர். நூல் வாங்க வங்கியில் டாலரிலேயே பேக்கிங் கிரெடிட் எடுத்திருக்கிறீர்கள், 30,000 டாலர். வங்கி அந்த டாலரை அன்றைய ரேட்டில் ரூபாயாக மாற்றித்தான் உங்கள் கணக்கில் போட்டது. பையரின் பணம் வந்ததும் இந்தக் கடன் டாலராகவே கழிந்துவிடும். ஆக, அந்த 30,000 டாலரை நீங்கள் கடன் வாங்கிய அன்றே விற்றாயிற்று. அதற்கும் சேர்த்து ஃபார்வர்டு போட்டால் ஒரே டாலரை இரண்டு தடவை விற்றதாக ஆகும். கெடு வரும்போது கொடுக்க டாலர் இருக்காது.

ஏஜென்ட் கமிஷன் 4,000 டாலர் பில்லிலிருந்து கழியும். ஜிப், லேபிள் போன்ற டிரிம்ஸை 90 நாள் கடனில் இறக்குமதி செய்திருக்கிறீர்கள், 6,000 டாலர். அதை வரும் டாலரிலிருந்தே கட்டிவிடலாம். இவை எல்லாம் போக மீதி 1,00,000 டாலர். ரேட் ஏறினாலும் இறங்கினாலும் உங்களைத் தொடுவது இந்த ஒரு லட்சம் மட்டும்தான்.

பேக்கிங் கிரெடிட்டை ரூபாயில் எடுத்திருந்தால் இந்தக் கழிவு கிடையாது. உங்கள் கடன் ரூபாயிலா டாலரிலா என்பதை சாங்ஷன் லெட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்குப்பிள்ளையின் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

2. தாள்களையும் வரம்பையும் ஆர்டர் வரும் முன்பே முடித்துவையுங்கள்

ஆர்டர் கைக்கு வந்த பிறகு வங்கிக்குப் போனால் நேரம் பத்தாது. முதல் தடவை எல்லாம் தயாராக நாலு வாரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வரம்பைப் புதுப்பிக்கும் சமயத்தில் இதையும் சேர்த்துக் கேட்டால் தனியாக இழுபறி இருக்காது.

கேட்க வேண்டியது ஃபார்வர்டு லிமிட். கெடுவில் நீங்கள் டாலர் கொடுக்காமல் போனால் வங்கிக்கு வரும் நஷ்டத்துக்கான வரம்பு அது. ஒப்பந்தத் தொகை முழுவதையும் வங்கி கடனாக எண்ணாது, அதில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் எண்ணும். லிமிட் இல்லாவிட்டால் ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாகப் பிடித்துவைப்பார்கள். பேக்கிங் கிரெடிட்டுக்கே திணறும் யூனிட்டுக்கு அப்படிப் பணம் முடங்குவது பெரிய சுமை. அதனால்தான் லிமிட்டை முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்.

பொதுவாகக் கேட்கும் தாள்கள்: கம்பெனியாக இருந்தால் போர்டு தீர்மானம், பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தோடு அதிகாரக் கடிதம், டெரிவேட்டிவ் வியாபாரத்துக்கான மூல ஒப்பந்தம் (ஐ.எஸ்.டி.ஏ. அல்லது வங்கியின் சொந்தப் படிவம்), எல்.இ.ஐ. எனப்படும் இருபது எழுத்து அடையாள எண். இதே ஆர்டருக்கு வேறு வங்கியில் ஃபார்வர்டு போடவில்லை என்ற உறுதிமொழி. ஒவ்வொரு தடவை புக் செய்யும்போதும் பி.ஓ. அல்லது லெட்டர் ஆஃப் கிரெடிட் எனும் எல்.சி. நகலையும் தனியாகக் கேட்கலாம்.

இரண்டு இடத்தில் தடுக்கும். எல்.இ.ஐ.யை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகிவிட்டால் டீலர் ரேட் சொன்ன பிறகும் ஒப்பந்தம் ஏறாது. அதிகாரக் கடிதத்தில் ஒரே ஒருவர் பெயர் இருந்தால் அவர் ஊரில் இல்லாத அன்று வேலை நின்றுபோகும். இரண்டு பேர் பெயரையும் இருவரின் செல் நம்பரையும் கொடுங்கள்.

ஆர்டர் உறுதியாகும் முன்பே, வரும் என்ற கணிப்பில் ஃபார்வர்டு போடவும் ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் உண்டு. ஆனால் அப்படிப் போட்டதை இடையில் ரத்து செய்து லாபம் வந்தால், அந்த லாபம் உண்மையான டாலர் வரவு வரும்போதுதான் கைக்குக் கிடைக்கும். நஷ்டத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. புதியவர்கள் உறுதியான பி.ஓ.வோடு நின்றுகொள்வது நல்லது.

எந்த வங்கியில் போடுவது? உங்கள் ஏற்றுமதி பில் எந்த வங்கி வழியாகப் போகிறதோ அங்கேயே. வேறு வங்கி ஐந்து பைசா நல்ல ரேட் தருகிறது என்று அங்கே போட்டால், டாலர் ஓரிடத்தில் வந்து இறங்கும், ஒப்பந்தம் இன்னோரிடத்தில் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வைக்கும் அலைச்சலுக்கு அந்த ஐந்து பைசா காணாது.

3. வங்கி சொல்லும் ரேட்டைப் பிரித்துக் கேளுங்கள்

கிளையில் "மூணு மாசம் 86.33" என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அதற்குள் மூன்று துண்டு இருக்கிறது:

```
ஃபார்வர்டு ரேட் = ஸ்பாட் + பிரீமியம் − வங்கியின் மார்ஜின்
86.33 = 86.00 + 0.43 − 0.10
```

ஸ்பாட் என்பது இன்று பேசி இரண்டு வேலை நாளில் கைமாறும் டாலரின் விலை. பிரீமியம் ரூபாய் வட்டிக்கும் டாலர் வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒட்டி வருவது. இந்தியாவில் வட்டி அமெரிக்காவைவிட வழக்கமாகக் கூடுதல். அதனால் பிற்காலத்து டாலருக்கு இன்றைய ரேட்டைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 2% என்று எடுத்திருக்கிறேன், மூன்று மாதத்துக்கு 43 பைசா. இதை வங்கியின் ஆரூடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் கழித்து டாலர் 86.43 ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

பேரம் பேச இடமிருப்பது மார்ஜினில்தான். ஒரு லட்சம் டாலருக்கு 10 பைசா என்றால் 10,000 ரூபாய். பழைய வாடிக்கையாளரிடம் வங்கி எடுப்பதைவிடப் புதியவரிடம் பல மடங்கு எடுப்பது சாதாரணம், ஏனென்றால் புதியவர் பிரித்துக் கேட்பதில்லை. "ஸ்பாட் என்ன, பிரீமியம் எத்தனை பைசா, உங்கள் மார்ஜின் எவ்வளவு?" என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். சி.சி.ஐ.எல். நடத்தும் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் தளத்தில் உங்கள் வங்கி வழியாகப் பதிவு செய்துகொண்டால் சந்தை ரேட்டை நேரடியாகப் பார்க்க முடியும். அங்கே வியாபாரமே செய்யாவிட்டாலும் பேரத்துக்கு அது உதவும்.

மார்ஜினை ஒரு தடவை பேசி முடித்ததும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புக்கிங் கட்டணம், ரத்துக் கட்டணம், தேதி மாற்றும் கட்டணம் மூன்றும் வங்கிக்கு வங்கி மாறும். அவையும் அதே மின்னஞ்சலில் வரட்டும். டாலரை ரூபாயாக்கும்போது பிடிக்கும் ஜி.எஸ்.டி., ஃபார்வர்டு போட்டாலும் போடாவிட்டாலும் உண்டு. அதனால் கீழே உள்ள ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

4. போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன: கணக்கு

நம் ஆர்டருக்கு வருவோம். ஒரு லட்சம் டாலர் மூன்று மாதத்தில் வரும். டாலரில் கழிந்தவை போக, இந்தத் தொகையிலிருந்து ஈடுகட்ட வேண்டிய ரூபாய்ச் செலவு 82.50 லட்சம்: நிட்டிங், டையிங், தையல் கூலி, மற்றவை. அதாவது டாலருக்கு 82.50 ரூபாய் கிடைத்தால் கையைக் கடிக்காது. அதற்குக் கீழே போனால் நஷ்டம். இந்த ஓர் எண் உங்களுக்குத் தெரியாமல் ஃபார்வர்டு பற்றி யோசிப்பதில் பயனில்லை. காஸ்டிங் ஷீட்டில் இதைத் தனியாக எழுதிவையுங்கள்.

இன்று ஸ்பாட் 86.00. ஃபார்வர்டு 86.33. ஃபார்வர்டு போடாமல், அதாவது காப்பு இல்லாமல் விட்டாலும் டாலர் வரும் அன்று வங்கி 10 பைசா மார்ஜின் எடுக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பலர் ஒப்பிடும்போது இதை மறந்து, டி.வி.யில் ஓடும் ரேட் முழுசாகக் கைக்கு வரும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

டாலர் 83.50க்கு இறங்குகிறது. ஃபார்வர்டு போட்டவருக்கு 86.33 லட்சம் வருகிறது, லாபம் 3.83 லட்சம். போடாதவருக்கு 83.40 லட்சம்தான், லாபம் 90,000. ஆர்டர் அதே ஆர்டர், துணி அதே துணி. மூன்று மாத உழைப்பின் லாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் ரேட்டோடு போய்விட்டது. இன்னும் ஒரு ரூபாய் இறங்கியிருந்தால் கைக்காசு போட வேண்டி வந்திருக்கும்.

டாலர் 88.50க்கு ஏறுகிறது. போட்டவருக்கு அதே 3.83 லட்சம் லாபம். போடாதவருக்கு 88.40 லட்சம், லாபம் 5.90 லட்சம். போட்டவர் 2.07 லட்சத்தைக் கோட்டைவிட்டதாகப் பக்கத்து யூனிட்காரர் சொல்வார். சொல்லட்டும். உங்கள் ஆர்டரின் லாபம் எங்கும் போகவில்லை. காஸ்டிங்கில் போட்ட கணக்கு அப்படியே நிற்கிறது.

டாலர் அசையாமல் 86.00லேயே நின்றால்? இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போடாதவருக்கு 85.90 லட்சம், லாபம் 3.40 லட்சம். போட்டவருக்கு 43,000 ரூபாய் கூடுதல், பிரீமியம் முழுசாக அவர் பையில். அதாவது சந்தை 86.43ஐத் தாண்டி ஏறினால் மட்டுமே போடாதவர் ஜெயிக்கிறார். கொஞ்சம் ஏறினால்கூடப் போட்டவருக்குத்தான் மேல்.

| மூன்று மாதம் கழித்துச் சந்தை | முழுதும் ஃபார்வர்டு: லாபம் | பாதி ஃபார்வர்டு: லாபம் | காப்பு இல்லை: லாபம் |
|---|---|---|---|
| 83.50 | 3.83 லட்சம் | 2.37 லட்சம் | 0.90 லட்சம் |
| 86.00 | 3.83 லட்சம் | 3.62 லட்சம் | 3.40 லட்சம் |
| 88.50 | 3.83 லட்சம் | 4.87 லட்சம் | 5.90 லட்சம் |

"டாலர் எங்கே இறங்கப்போகிறது?" என்பவர்களுக்கு 2025ஆம் ஆண்டைப் பார்க்கச் சொல்வேன். பிப்ரவரியில் 88ஐ நெருங்கியது. மே மாதத் தொடக்கத்தில் 84க்குக் கீழே தொட்டது. டிசம்பரில் 90ஐத் தாண்டியது. ஆண்டு முழுவதையும் பார்த்தால் ஏற்றம்தான். ஆனால் பிப்ரவரி ரேட்டை வைத்து விலை பேசி மே மாதத்தில் பணம் வாங்கியவருக்கு டிசம்பர் ரேட்டால் என்ன பயன்?

5. எவ்வளவு பங்குக்குப் போடுவது

இதற்குப் பொதுவிதி கிடையாது. நான் பார்ப்பது இரண்டு விஷயம். பையர் எவ்வளவு நிச்சயம், லாபம் எவ்வளவு மெல்லியது.

பல சீசன் பார்த்த பையர், உறுதியான பி.ஓ. என்றால் காப்பு தேவைப்படும் தொகையில் 70% வரை போடலாம். முழுதும் போடாததற்குக் காரணம் ரேட் இல்லை. பி.ஓ. தொகை அப்படியே வருவது அபூர்வம். அளவில் 5% கூடக் குறைய அனுப்புவோம். தரக் குறை என்று ஒரு கழிவு வரும். தாமதமானால் டிஸ்கவுன்ட் கேட்பார்கள். கொடுக்க முடியாத டாலரை விற்றுவைக்கக் கூடாது.

புதிய பையர் என்றால் பாதிக்கு மேல் வேண்டாம். எல்.சி. இருந்தால் கொஞ்சம் தைரியமாகப் போகலாம். "ஆர்டர் உங்களுக்குத்தான், பி.ஓ. அடுத்த வாரம் வரும்" என்ற மெர்ச்சன்டைசர் பேச்சை நம்பி ஒரு டாலர்கூட வேண்டாம்.

லாபம் எந்த அளவுக்கு மெல்லியதோ அந்த அளவுக்குக் காப்பு கூட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மார்ஜினையும் கழித்தால், ரேட் 3.40 ரூபாய் இறங்கும் வரை தாக்குப்பிடிக்கும். ஒரு ரூபாய் இறங்கினாலே நஷ்டம் என்ற ஆர்டரில் ஏறும் என்று காத்திருப்பது சூதாட்டம்தான். அங்கே கழிவுகளுக்கு மட்டும் இடம் விட்டு மீதி முழுவதையும் போட்டுவிடுவேன்.

6. எந்தத் தேதிக்குப் போடுவது

தேதி இரண்டு விதம். ஒரே ஒரு குறிப்பிட்ட நாள், அல்லது ஒரு காலவரம்பு. காலவரம்பு என்றால், உதாரணமாக மூன்றாவது மாதத்தின் எந்த நாளிலும் டாலர் கொடுக்கலாம். பையர் எந்தத் தேதியில் பணம் போடுவார் என்று தெரியாத நமக்கு இரண்டாவது வசதியாகத் தோன்றும். வசதிதான், ஆனால் அதற்கு விலை உண்டு. வங்கி பிரீமியத்தைக் காலவரம்பின் முதல் நாள் வரைக்கும்தான் கணக்கிட்டுத் தரும். மூன்றாவது மாதம் முழுவதையும் வரம்பாகக் கேட்டால் இரண்டு மாதப் பிரீமியம், அதாவது 29 பைசா மட்டும். மூன்று மாத நிச்சயத் தேதிக்கு 43 பைசா. வித்தியாசம் ஒரு லட்சம் டாலருக்கு 14,000 ரூபாய். இதை ஃபாரத்தில் யாரும் எழுதிக் காட்ட மாட்டார்கள்.

என் வழக்கம், பையர் போன நாலைந்து பில்லுக்கு எத்தனை நாளில் பணம் போட்டார் என்று வங்கி அட்வைஸை எடுத்துப் பார்ப்பது. பி.ஓ.வில் 30 நாள் என்று இருக்கும், ஆள் 38 நாளில்தான் போடுவார். நிஜத்தில் போடும் நாளை ஒட்டி, ஓரிரு வார வரம்பு வைத்தால் பிரீமியமும் பெரிதாகப் போகாது, தேதியும் தவறாது. சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறுவது தள்ளிப்போகும் வாய்ப்பு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் பத்து நாள் தள்ளினால் பணமும் பத்து நாள் தள்ளும்.

7. புக் செய்யும் நாள்

விலை பேசி பி.ஓ. கைக்கு வந்த அன்றோ மறுநாளோ புக் செய்வதுதான் சரியான நேரம். நீங்கள் எந்த ரேட்டை வைத்து விலை சொன்னீர்களோ அதற்குப் பக்கத்தில் அன்றுதான் கிடைக்கும். "கொஞ்சம் ஏறட்டும்" என்று பதினைந்து நாள் காத்திருப்பது, காப்பு இல்லாமல் இருப்பதன் இன்னொரு பெயர்.

சந்தை காலை 9 மணி முதல் மாலை 3.30 வரை. தொடக்கத்திலும் முடிவிலும் வங்கி சொல்லும் ரேட் கொஞ்சம் அகலமாக இருக்கும், காலை பத்தரைக்கு மேல் பேசுவது உசிதம். போனில் டீலர் ரேட் சொல்வார், நீங்கள் "டன்" என்றால் முடிந்தது. பேச்சு பதிவாகும். கையெழுத்துப் போடவில்லையே என்று பிறகு பின்வாங்க முடியாது. எனவே போனை எடுக்கும் முன் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை டாலர், எந்தத் தேதி, எந்த ரேட்டுக்குக் கீழே வேண்டாம், இந்த மூன்றும். விற்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நாம் டாலரை விற்பவர், இறக்குமதியாளர் வாங்குபவர். அவசரத்தில் இது மாறிப்போவதும் உண்டு.

அன்று மாலைக்குள் உறுதிச்சீட்டு வரும். தொகை, ரேட், தேதி, விற்பதா வாங்குவதா, எந்த பி.ஓ. என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஒப்பந்த எண்ணை அந்த ஆர்டரின் ஃபைல் அட்டை மேலேயே எழுதிவையுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

8. டாலர் வரும் நாள்: அதிகம் பேர் சறுக்கும் இடம்

பையரின் பணம் வந்ததும் கிளையில் உள்ளவர் வழக்கம்போல அன்றைய ரேட்டுக்கு ரூபாயாக்கி உங்கள் கணக்கில் வரவு வைத்துவிடுவார். உங்களுக்கு ஃபார்வர்டு இருப்பது கிளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒப்பந்தம் டிரஷரி கணினியில் தூங்கும், டாலர் கிளையில் மாறிவிடும். பிறகு ஒப்பந்தத்துக்குக் கொடுக்க டாலர் இல்லாமல் அதை ரத்து செய்ய வேண்டி வரும்.

இதைத் தடுக்க, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கிளைக்கும் டிரஷரிக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்ன பையரிடமிருந்து இத்தனை டாலர் வர இருக்கிறது. இன்ன எண் ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் ஈடுகட்டவும். எங்கள் எழுத்து உத்தரவு இல்லாமல் ரூபாயாக மாற்ற வேண்டாம்." இந்த மூன்று வரி போதும்.

பணம் கெடுவுக்கு முன்பே வந்துவிட்டால் இரண்டு வழி. ஏற்றுமதி வரவை டாலராகவே வைத்திருக்கும் இ.இ.எஃப்.சி. கணக்கு இருந்தால் டாலரை அதில் போட்டுவைத்து, கெடு நாளில் ஒப்பந்தத்துக்குக் கொடுக்கலாம். அந்தக் கணக்கில் வந்த டாலரை அடுத்த மாதக் கடைசிக்குள் பயன்படுத்தவோ ரூபாயாக்கவோ வேண்டும் என்ற விதி இருப்பதால் நீண்ட நாள் வைத்திருக்க முடியாது, சில வாரத்துக்கு உதவும். அல்லது முன்கூட்டியே ஒப்பந்தத்தை முடிக்கச் சொல்லலாம். மிச்ச நாளுக்கான பிரீமியத்தை வங்கி கழித்துக்கொள்ளும்.

9. பணம் தாமதமானால், ஆர்டர் குறைந்தால்

ஃபார்வர்டு போட்டவருக்கும் ஆபத்து உண்டு. அது இங்கேதான் இருக்கிறது.

முதலில் தாமதம். கெடு வந்துவிட்டது, பையர் இன்னும் ஒரு மாதம் கேட்கிறார், சந்தை 88.50. பழைய ரேட்டிலேயே தேதியைத் தள்ளிவைக்க விதி இடம் தராது. பழைய ஒப்பந்தத்தை இன்றைய ரேட்டில் ரத்து செய்து புதிதாக ஒரு மாதத்துக்குப் போட வேண்டும். ரத்து என்றால் நீங்கள் விற்ற டாலரை வங்கியிடமே திரும்ப வாங்குவது. வங்கியின் விற்பனை ரேட் 88.60, உங்கள் ஒப்பந்தம் 86.33. வித்தியாசம் 2.27 ரூபாய், ஒரு லட்சம் டாலருக்கு 2.27 லட்சம். இதை இன்றே கட்ட வேண்டும். புதிய ஒரு மாத ஒப்பந்தம் 88.50 + 0.15 − 0.10 = 88.55. அடுத்த மாதம் 88.55 லட்சம் வரும். கட்டிய 2.27 லட்சத்தைக் கழித்தால் 86.28 லட்சம். பழைய கணக்கைவிட 5,000 ரூபாய்தான் குறைவு.

ஆகவே நஷ்டம் சிறியது. இடிப்பது ரொக்கம். இரண்டேகால் லட்சத்தை ஒரு மாதத்துக்கு முன்பணமாகப் புரட்ட வேண்டும், அதுவும் பையர் பணம் வராத அதே வாரத்தில். ஃபார்வர்டு போடும்போதே ஓவர்டிராஃப்டில் இதற்கு இடம் விட்டுவையுங்கள். ரேட் ஏற ஏற இந்தத் தேவையும் ஏறும். சில வங்கிகள் கெடு வரும் முன்பே, ஒப்பந்தத்தின் நஷ்டம் ஓர் அளவைத் தாண்டினால் கூடுதல் ஈடு கேட்கும். அந்த அளவு என்ன என்று மூல ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

அடுத்தது ஆர்டர் குறைவது. பையர் பாதியை வெட்டிவிட்டார், 50,000 டாலர் வராது. ரேட் 88.50 என்றால் அந்தப் பாதியை ரத்து செய்ய 2.27 × 50,000 = 1,13,500 ரூபாய் கட்ட வேண்டும். இதைத் திருப்பித் தர எந்த டாலரும் வரப்போவதில்லை, அதனால் இது நிஜ நஷ்டம். காப்பே போடாதவருக்கு இந்த நஷ்டம் கிடையாது. அதே சமயம் ரேட் 83.50க்கு இறங்கியிருந்தால் விற்பனை ரேட் 83.60, ரத்து செய்ததில் உங்களுக்கு 2.73 × 50,000 = 1,36,500 கிடைத்திருக்கும். ஐந்தாம் படியில் முழுதும் போட வேண்டாம் என்றதற்கு இந்த 1,13,500தான் காரணம்.

குறைவு தெரிந்த அன்றே ரத்து செய்யுங்கள். கெடு வரை இழுத்து, ரேட் இறங்கினால் தப்பிக்கலாம் என்று காத்திருப்பது வரவே இல்லாத டாலரில் பந்தயம் கட்டுவது.

கடைசியாக, கெடுவை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் கெடு முடிந்து சில வேலை நாளில் வங்கி தானாகவே ரத்து செய்துவிடும். அப்படி ரத்தாகும்போது நஷ்டம் வந்தால் உங்களிடம் வசூலிக்கும், லாபம் வந்தால் தராது என்பதுதான் பல வங்கிகளின் வழக்கமான நிபந்தனை. ரேட் இறங்கியிருக்கும் நேரத்தில், ஒரு போன் செய்ய மறந்ததற்காக, நியாயமாக உங்களுக்கு வர வேண்டிய இரண்டரை லட்சம் இப்படிப் போய்விடலாம். செல்லில் மூன்று நினைவூட்டல் வையுங்கள். கெடுவுக்குப் பத்து நாள் முன்பு பையரைக் கேட்க, ஒரு வாரம் முன்பு வங்கிக்கு எழுத, இரண்டு நாள் முன்பு டீலரிடம் உறுதி செய்ய.